முத்தம்மாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த வௌவால்

ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் சிறகை விரித்து உட்கார்ந்திருந்த வௌவாலை முப்பதே மணி நேரத்தில் வெளியே துரத்தியவன் நான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மந்திரம் இல்லை. வௌவால் வெளியேறிய வழி மட்டும் நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமான வழி. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டி இருந்த அந்தச் சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தேன். அங்கே என் பேச்சை நம்பியவர் என்று ஒரு ஜீவனைக் காட்ட முடியாது. உப்பள முதலாளி ஒருவர் வயிற்றில் முழு இறால் ஒன்று மீசையோடு தெரிந்தது என்று சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் படம் கழுவும் டெவலப்பர் தொட்டிக்குள் கெளுத்தி பிடித்துக் குழம்பு வைத்தேன் என்றும் சொல்லியிருக்கிறேன். குழம்பு ருசியாக இருந்தது என்பதுவரை.

"பாரதத்துல சகாதேவனுக்கு ஜோசியம் தெரியும். நம்ம சகாதேவனுக்கு வாய் மட்டும்தான்" என்பாள் சரஸ்வதி சிஸ்டர். வார்டுக்கு அவள்தான் ராணி. நான் வாயைத் திறந்தால் அவள் காதுக்குள் விரலை விட்டுக்கொள்வாள்.

ஆனால் முத்தம்மாள் விஷயம் வேறு. அதில் நான் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை. குறைத்துச் சொல்லத்தான் பல வருஷம் ஆசைப்பட்டேன்.

எண்பத்தெட்டாம் வருஷம், மே மாதம். பாத்தியில் உப்பு பூத்துக் கண்ணைக் கூசவைக்கும் காலம். அந்த வருஷ வெயிலில் காக்கை பறந்தால் பாதி வழியில் வறுவலாகி விழும் என்றால் கொஞ்சம்தான் மிகை. முத்தம்மாள் உப்பு வாருகிறவள். முப்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள், சின்னதற்கு இரண்டரை வயது. பத்து நாளாக மூச்சு வாங்குகிறது, சளியில் ரத்தம் வருகிறது என்று புருஷன் ராஜாங்கம் சைக்கிள் பின்னால் உட்கார்த்தி அழைத்து வந்தான்.

டாக்டர் தட்சணாமூர்த்திக்கு அன்றைக்கு வாசலில் நூற்றிருபது சீட்டு. மார்புப் படம் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

இங்கே என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. மார்புப் படம் என்றால் ஆளை நிற்க வைத்து, நெஞ்சை ஃபிலிம் பெட்டியான கேசட்டில் ஒட்டி, மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுக்க வேண்டும். நிற்க வைத்து எடுக்கும் ஸ்டாண்டு ஒன்று எங்களிடமும் இருந்தது. உப்புக் காற்று அதன் கப்பியைத் தின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. எழுதிப் போட்டுச் சரிசெய்திருக்கலாம். நான் செய்யவில்லை. எல்லோரையும் மேஜைமேல் மல்லாக்கப் படுக்க வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். படத்தின் ஓரத்தில் 'படுக்கை' என்று குறிக்க வேண்டும், அதையும் விட்டுவிட்டேன். எல்லாமே படுக்கைதானே, எதற்குக் குறிப்பு? அப்புறம், பெரிய ஃபிலிம் பீரோவில் பூட்டிக் கிடக்கும். அதைத் தொட்டால் மானேஜர் முறைப்பார். அதனால் பத்துக்குப் பன்னிரண்டு அங்குல ஃபிலிமிலேயே எல்லா நெஞ்சையும் அடக்கினேன். சிறு பிள்ளைக்கு அது போதும். வளர்ந்த ஆளுக்கு நுரையீரலின் இரண்டு கீழ் மூலையும் வெளியே விழுந்துவிடும். விழட்டுமே, மூலையில் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன். இந்த வசதியான நினைப்புதான் பின்னால் என் தூக்கத்தைத் தின்றது.

நான் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று மெஷினைத் திருகிக்கொண்டிருந்தேன். சரஸ்வதி அந்தப் பெண்ணை உள்ளே அழைத்து வந்தாள்.

"அண்ணே, படுத்தா மூச்சு முட்டுதுண்ணே. உக்காந்துக்கவா?" என்றாள் முத்தம்மாள்.

"ஒரு நிமிஷம்மா. செத்தா போயிடுவே? ஆடாம படு."

நான் அப்படித்தான் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். தடுப்பின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவள் மல்லாந்து கிடந்தாள். சரஸ்வதி அறையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். பொத்தானை அழுத்தினேன்.

ஃபிக்சர் கரைசலில் இருந்து எடுத்த படம் சொட்டச் சொட்ட இருந்தது. நடு நெஞ்சின் இரு பக்கமும் வெள்ளையாகப் புகைந்திருந்தது. ரத்தச் சளி, மெலிந்த உடம்பு, உப்பளத்துக் கூலி. எனக்கு யோசிக்க வேலையே இல்லை. டாக்டர் அறைக்குள் நூற்றிருபது பேருக்கும் கேட்கும்படி அறிவித்தேன். "டி.பி. சார்! ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்குது!"

டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று நொடி பார்த்தார். கதை பொருந்தியது. அட்மிட் என்று எழுதினார்.

அதோடு விட்டேனா? வாசலில் ராஜாங்கத்தின் தோளில் கை போட்டு, "என் கண்ணு தப்பினதே கிடையாதுப்பா. புள்ளைங்கள அவகிட்ட வுடாதே. தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வையி" என்று உபதேசமும் செய்தேன். அன்று சாயங்காலமே பிள்ளைகள் பிரம்மதேசத்தில் அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டன. உப்பள மேஸ்திரிக்கும் சேதி போனது. "இனி அவள பாத்தியில இறக்காதே" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

ஆஸ்பத்திரியின் கோடி அறையில் அவளைப் போட்டார்கள். டி.பி. மாத்திரை தொடங்கியது. அதோடு தெம்புக்கு பாட்டில். எங்கள் பக்கம் பாட்டில் ஏற்றாத வைத்தியம் வைத்தியமே இல்லை. ஏற்றாவிட்டால் சொந்தக்காரர்கள் டாக்டரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பாட்டிலில் இருப்பது என்ன? உப்புத் தண்ணீர். வாழ்நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்றவளுக்கு நாங்கள் நரம்பு வழியாகவும் அதையே விட்டோம்.

அவள் தேறவில்லை. நாளுக்கு நாள் மோசமானாள். படுக்கவே முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். சளிப் பரிசோதனை இரண்டு முறை திண்டிவனம் போய்க் 'கிருமி இல்லை' என்று திரும்பியது. மூன்றாவது முறை பார்ப்போம் என்றார் டாக்டர்.

ஆறாம் நாள் மத்தியானம் மருந்துக்கடை பக்கீர் முஹம்மது டார்க் ரூம் வாசலில் வந்து நின்றார். வெயிலுக்கு ஒதுங்க அவருக்கு அந்த இடம் பிடிக்கும். காய்ந்த படங்கள் கம்பியில் தொங்கின. என் திறமையைக் காட்ட முத்தம்மாள் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

"பாருங்க பாய். அசல் டி.பி. என் கண்ணுலதான் முதல்ல பட்டுச்சு."

பாய் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னா சகாதேவா, வௌவாலாட்டம் இருக்குது? ரெண்டு றெக்கையும் விரிச்சிக்கினு."

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் வாய் நின்றது.

சென்னையில் படிக்கும்போது ஒரு வாத்தியார் இப்படி ஒரு படத்தைக் காட்டி, நெஞ்சில் வௌவால் உட்கார்ந்தால் நுரையீரலில் தண்ணீர் என்று நினை, இதயத்தைப் பார் என்று சொன்னார். பதினாறு வருஷத்துக்கு முன் கேட்டது. டி.பி. பெரும்பாலும் உச்சியைத்தான் பிடிக்கும், ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவுமாகத் திட்டுத் திட்டாக நிற்கும். இதுவோ இதயத்தின் இரு தோளிலிருந்தும் கிளம்பி இரு பக்கமும் ஒரே அளவில் விரிந்திருந்தது. நுரையீரலின் வெளி ஓரம் மட்டும் சுத்தமாகக் கறுப்பு. ஈரத்தில் எனக்குத் தெரியாதது காய்ந்த பிறகு ஒரு மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தது. இல்லை, ஈரத்தின்மேல் பழி போட வேண்டாம். நான் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

டாக்டர் அறைக்கு ஓடினேன். அங்கே சரஸ்வதியும் மாத்திரைச் சீட்டோடு நின்றிருந்தாள்.

"சார், அது டி.பி. இல்ல. தண்ணி. படம் தப்பு. நான்தான் தப்பா எடுத்தேன். படுக்க வச்சு எடுத்தேன், மூலைய வெட்டிட்டேன், முட்டுதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு, நான் கேக்கல."

டாக்டர் நிமிர்ந்தார். ஒரு நொடி அவர் முகத்தில் ஏதோ வந்தது. அதற்குள் சரஸ்வதி முந்திக்கொண்டாள்.

"சார், போன வாரம் இறால், இந்த வாரம் தண்ணியா? இவரு பேச்சக் கேட்டு மருந்த மாத்துனா நாளைக்கு நெஞ்சுல கப்பல் போவுதும்பாரு."

"சிஸ்டர், நீங்களும் அங்கதானே இருந்தீங்க? படுத்தா முட்டுதுன்னு சொல்லுச்சா இல்லையா?"

"எனக்கு எதுவும் கேக்கல" என்றாள் அவள். சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பாருங்கள், இதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. ஆயிரம் பொய்யை ஊர் சிரித்துக் கேட்டது. முதல் தடவையாக என்மேல் நானே குற்றம் சொன்னேன். அதையும் ஜம்பம் என்று நினைத்தார்கள்!

"சார், ஒரே ஒரு படம். உக்கார வச்சு, பெரிய ஃபிலிம்ல. மானேஜர நான் பாத்துக்கறேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "எடுங்க. பார்ப்போம்."

பீரோவில் இருந்து பெரிய ஃபிலிம் எடுத்தேன். முத்தம்மாளை நாற்காலியோடு தூக்கி வந்தோம். முதுகுக்குப் பின்னால் கேசட்டை நிறுத்தி, ராஜாங்கத்துக்கு ஈய அங்கியை மாட்டி, ஓரமாக நின்று அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சை இழுத்துப் பிடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இழுக்கும் நேரம் பார்த்து, இழுப்பின் உச்சியில் பொத்தானைத் தட்டினேன். அந்த ஒரு படத்துக்கு நான் பட்ட கவலையைச் சேர்த்து வைத்தால் இரண்டு கல்யாணம் நடத்தலாம்.

இந்த முறை டாக்டர் மூன்று நொடியில் விடவில்லை. ஈரப் படத்தை ஜன்னலில் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாகப் படித்தார்.

"இங்க பாருங்க, சகாதேவன். ஆள் நிமிர்ந்து இருந்தா ரத்தம் கீழதான் நிறையும். கீழ் ரத்தக் குழாய் பருமனா, மேல் குழாய் மெல்லிசா இருக்கணும். இங்க மேல போறது மான் கொம்பு மாதிரி தடிச்சு நிக்குது. கீழ சுருங்கிக் கிடக்குது."

"படுக்க வச்ச படத்துல சார்?"

"படுத்தா எல்லாருக்கும் மேல கீழ சமமாயிடும். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதனாலதான் எப்படி எடுத்தீங்கன்னு எழுதணும்." அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

பிறகு விரலைக் கீழ் மூலைக்குக் கொண்டு போனார். நான் ஆறு நாள் முன்னால் வெட்டி எறிந்த மூலை. விலாவின் உள் ஓரத்தைத் தொட்டபடி, ஒன்றன்மேல் ஒன்றாக, படுக்கைவாட்டில் குட்டிக் குட்டிக் கோடுகள். ஒவ்வொன்றும் அரை விரல் நீளம்கூட இல்லை. கிளை பிரியவில்லை, குழாயாக இருந்தால் பிரியும்.

"கெர்லி கோடு. நுரையீரல் சின்னச் சின்ன அறையா இருக்குது. அறைக்கு நடுவுல இருக்கற சுவர் நல்ல நாள்ல படத்துல தெரியவே தெரியாது. தண்ணி ஊறினா தடிச்சுத் தெரியும்."

எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் உள்ள வரப்பு. வரப்புவரை தண்ணீர் ஊறிப்போயிருந்தது. அது என் படத்தில் இருந்திருந்தால் அவர் மூன்று நொடியிலும் பார்த்திருப்பார். டாக்டரை நான் அப்படித்தான் கெடுத்தேன்.

அவர் வார்டுக்கு நடந்தார். முதல் வேலையாகப் பாட்டிலைக் கழற்றினார். முத்தம்மாளை இடப்பக்கம் கொஞ்சம் சாய்க்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை மார்பின் கீழ் வைத்துக் கண்ணை மூடினார். வார்டே மூச்சை நிறுத்தியது. அவள் ஒருத்திதான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து முட்டி வீங்கிச்சாம்மா?"

"பன்னெண்டு வயசுல சார். ஒரு முட்டி வுட்டு ஒரு முட்டி. ரெண்டு மாசம் நடக்க முடியல."

"அந்தக் காய்ச்சல் அப்பவே இதயத்து வால்வைச் சுருக்கிடுச்சு. கதவு சின்னதாயிட்டதால ரத்தம் நுரையீரல்ல தேங்குது. சிஸ்டர், லாசிக்ஸ் போடுங்க, நரம்புல. ஆக்சிஜன் வையுங்க. நிமிர்த்தி உக்கார வையுங்க."

லாசிக்ஸ் என்பது உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்கும் ஊசி. இப்போது புரிந்திருக்கும், வௌவால் எந்த வழியாகப் போனது என்று. அரை மணியில் பெட்பான் கேட்டாள். அப்புறம் இன்னொன்று. அன்று சாயங்காலத்துக்குள் முத்தம்மாள் இறைத்த தண்ணீரில் கழுவேலி ஏரி ஒரு முழம் ஏறியதாக நான் பல வருஷம் சொல்லித் திரிந்தேன். அளந்து எழுதிய சீட்டில் மூன்று லிட்டர் சொச்சம் என்று இருந்தது. கழுவேலிக்கு அது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் உட்கார வைத்து எடுத்தேன். சிறகு இரண்டும் கரைந்து ஓரத்தில் லேசான புகை மட்டும் மிச்சம். மூலைக் கோடுகள் இன்னும் இரண்டு மூன்று நின்றன; அவை போக நாள் பிடிக்கும் என்றார் டாக்டர். டி.பி.யாக இருந்தால் மாதக்கணக்கில் கிடந்து மெள்ளத்தான் மங்கும். ஒரு நாளில் கரைவது தண்ணீர்தான்.

நான் முத்தம்மாள் கட்டிலுக்குப் போனேன். அவள் பல நாளைக்குப் பிறகு சாய்ந்து படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

"படும்மா, படு." அந்த வார்த்தையை நானே சொல்லிவிட்டு நானே சுருங்கினேன்.

"நீங்கதான் காப்பாத்தினீங்களாமே அண்ணே. பாய் சொன்னாரு" என்றாள். "புள்ளைங்கள வரச் சொல்லலாமா? சின்னது என்னைய மறந்துடும்."

மறுநாள் காலை புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்புவதாக ஏற்பாடு. வால்வைப் பிரித்துவிட அங்கேயிருந்து சென்னைக்கும் போக வேண்டி வரலாம். எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஏற்பாடு பேச டாக்டர் படத்தைப் பார்த்த கையோடு புதுச்சேரிக்குப் பஸ் ஏறிவிட்டார். பிள்ளைகளைப் பார்க்க அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

வராந்தாவில் ராஜாங்கத்தைப் பிடித்தேன்.

"பிரம்மதேசம் போயி புள்ளைங்கள கூட்டிட்டு வா. அவளுக்கு டி.பி. இல்ல."

"டாக்டரும் ஏதோ தண்ணின்னாரு. எனக்குப் புரியல. ஏங்க, டி.பி. ஒரே நாள்ல போயிடுமா? நீங்கதானே தட்டு தனியா வைக்கச் சொன்னீங்க?"

"போகல. இல்லவே இல்ல. நான் தப்பா சொன்னேன். படத்த தப்பா எடுத்தேன்."

அவன் தயங்கி, பிறகு சிரித்தான். "வுடுங்க எக்ஸ்ரேக்காரரே. அப்ப கண்ணு தப்பாதுன்னீங்க. இப்ப தப்பிடுச்சுங்கறீங்க. எங்க அக்கா கேட்டா இன்னா சொல்லுவேன்? அந்த இறால்காரரு மாத்திச் சொல்றாருன்னா? புள்ள மேட்டருங்க இது."

சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சிரித்தான். நான் கெஞ்சினேன். படத்தைக் கொண்டு வந்து காட்டினேன். அவன் கண்ணுக்கு இரண்டும் கறுப்புத் தாள். பாயைக் கூப்பிடலாமா என்று பார்த்தால் கடை அடைத்திருந்தது. பிரம்மதேசம் போய் ராத்திரிக்குள் திரும்பக்கூடிய கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. உள்ளேயிருந்து முத்தம்மாள் கழுத்தை நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜாங்கம் என்னைத் தாண்டி, ஊசித் தட்டோடு வந்த சரஸ்வதியிடம் கேட்டான். "சிஸ்டர், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பறேன். இவரு படத்த தப்பா எடுத்தாராமே. இவ படுக்க முடியலன்னு சொல்லியும் கேக்கலயாம். நெசமா, கதையா?"

சரஸ்வதி என்னைப் பார்த்தாள். காதுக்குள் விரல் போகவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு எதுவும் கேட்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவள் தட்டை ஜன்னல் திண்டில் வைத்தாள். முத்தம்மாள் கட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"கதை இல்லய்யா" என்றாள். "படுத்தா முட்டுதுன்னு ரெண்டு தடவ சொல்லுச்சு. எழுந்திரிக்கப் பாத்துச்சு. வெளிய நூறு பேரு நிக்கறாங்கன்னு தோளப் புடிச்சு அமுக்கிப் படுக்க வச்சுட்டு வந்தது நான்தான். இவரு சொல்றது அத்தனையும் நடந்துச்சு. போ, பஸ்ஸு போயிடும்."